மூன்றா, எட்டா? தங்க நகையின் படத்தில் ஹால்மார்க் முத்திரையை வாசிப்பது

ஒரு மோதிரத்தை வாங்க நினைத்த ஒருவர் அதன் படத்தை என்னிடம் கருத்துக் கேட்டு அனுப்பியிருந்தார். மஞ்சள் நிறம், கல் பதிக்காத வளையம், உட்புறத்தில் சிறிய முத்திரைகள். அவற்றில் ஓர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 7, 5 என்று தெரிந்தன. முதல் இலக்கம் மட்டும் மங்கிக் கிடந்தது. விற்பவர் அது 875 என்றும், ஆகவே மோதிரம் 21 காரட் என்றும் சொல்லியிருந்தார். அதே இடத்தில் 375 என்றும் இருக்கலாம். அப்படியானால் மோதிரம் 9 காரட். ஒரு மங்கலான இலக்கத்தின் இடது ஓரம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதில், மோதிரத்தில் உள்ள தங்கத்தின் அளவு இரண்டு மடங்குக்கும் மேலாக மாறிவிடுகிறது. இந்த ஒரு மோதிரத்தைத் தொடர்ந்து சென்றாலே முத்திரைப் படங்களை வாசிப்பதற்குத் தேவையானவற்றில் பெரும்பகுதியைக் கற்றுக்கொண்டுவிடலாம்.

முதலில் எண்ணின் பொருள். காரட் என்பது தங்கத்தின் தூய்மையை, அதாவது மாற்றை, 24 பங்காகப் பிரித்துச் சொல்லும் கணக்கு. மூன்றிலக்க எண் என்பது அதையே ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று சொல்லும் கணக்கு. 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது ஆயிரத்துக்கு 916 பங்கு. இதே வழியில் 21 காரட் 875 ஆகிறது, 18 காரட் 750 ஆகிறது, 9 காரட் 375 ஆகிறது. 14 காரட்டுக்குக் கணக்குப்படி 583 வர வேண்டும். ஆனால் பெரும்பாலான நாடுகள் 585 என்ற அளவை ஏற்றுக்கொண்டிருப்பதால் நகையில் அதுவே காணப்படும். நகையில் வரக்கூடிய எண்கள் இப்படி விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே என்பது படத்தை வாசிப்பவருக்குக் கிடைக்கும் பெரிய உதவி. மங்கலான ஓர் எண்ணை 976 என்றோ 565 என்றோ படித்தால், அப்படி ஒரு மாற்று வழக்கத்தில் இல்லை என்பதாலேயே நம் வாசிப்பு தவறு என்று தெரிந்துவிடும். 375, 875 என்ற இணையின் சிக்கல், இரண்டுமே உண்மையில் வழங்கும் எண்களாக இருப்பதுதான்.

எண் மட்டுமே ஹால்மார்க் ஆகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். செய்தவரே தம் பொறுப்பில் பதிக்கும் எண் ஒரு வகை. நகையைச் செய்யாத, விற்காத ஒரு மதிப்பீட்டு நிலையம் உலோகத்தைச் சோதித்த பிறகு பதிப்பது வேறு வகை. இரண்டாவதே ஹால்மார்க். ஆகவே ஹால்மார்க்கில் எண்ணுடன் சோதித்த அமைப்பின் அடையாளமும், பல நாடுகளில் செய்தவர் அல்லது பதிவுபெற்ற விற்பனையாளரின் குறியும் சேர்ந்து நிற்கும். படத்தில் எண் மங்கியிருக்கும்போது, பக்கத்தில் நிற்கும் இந்தத் துணைக் குறிகளே பல நேரம் அந்த எண்ணைக் காட்டிக்கொடுக்கின்றன.

மங்கியது படமா, உலோகமா?

மங்கலான முத்திரையைக் கண்டதும் பலர் இலக்கத்தையே உற்று நோக்குகிறார்கள். நான் முதலில் இலக்கத்தைப் பார்ப்பதில்லை. அதன் பக்கத்தில் உள்ள கீறல்களைப் பார்க்கிறேன். அணியப்பட்ட எந்தத் தங்கப் பரப்பிலும் மயிரிழை போன்ற நுண்கீறல்கள் இருக்கும். முத்திரைக்கு ஒட்டிய இடத்தில் அந்தக் கீறல்கள் கூர்மையாகத் தெரிந்து, இலக்கம் மட்டும் மழுங்கியிருந்தால், கேமரா தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. மங்கியிருப்பது உலோகத்தில் உள்ள முத்திரைதான். கீறல்களும் இலக்கமும் ஒருசேரக் கலங்கியிருந்தால், அந்தப் படத்தைக் கொண்டு முத்திரையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நகையில் முத்திரை மிகத் தெளிவாக இருந்து, படம் மட்டும் கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு.

இந்தச் சோதனையைச் செய்யும்போது கீறல்களை முத்திரைக்கு மிக அருகிலேயே தேட வேண்டும். மிக நெருக்கத்தில் எடுக்கும் படத்தில் கூர்மையாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர் மட்டுமே. மோதிரத்தின் விளிம்பு அந்த ஆழத்துக்குள்ளும், உட்சுவரில் உள்ள முத்திரை அதற்கு வெளியேயும் விழுந்துவிடலாம். அப்போது விளிம்பின் கூர்மையைக் கண்டு படம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தால், தெளிவான முத்திரை ஒன்றைத் தேய்ந்தது என்று தவறாக எடுத்துக்கொள்வோம். கை அசைந்ததால் வந்த கலங்கலுக்கு வேறு அடையாளம் உண்டு: பரப்பில் உள்ள ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருக்கும்.

அடுத்த கேள்வி, இலக்கத்துக்குப் படத்தில் போதிய புள்ளிகள் கிடைத்திருக்கின்றனவா என்பது. இதை ஒரு சிறு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் 80 மில்லிமீட்டர் அகலமான காட்சி அடங்கியிருந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 50 புள்ளிகள் கிடைக்கின்றன, 0.7 மில்லிமீட்டர் உயரமுள்ள இலக்கம் 35 புள்ளி உயரம் பெறும், அது எளிதில் படிக்கத்தக்கது. அதே படம் செய்திச் செயலி வழியாக வரும்போது அகலம் 1600 புள்ளியாகச் சுருக்கப்பட்டால், இலக்கத்துக்கு 14 புள்ளியே மிஞ்சும். 3, 8 ஆகிய இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அப்போதே கடினமாகிவிடும். 300 மில்லிமீட்டர் பரப்பில் பரப்பி வைத்த சங்கிலி முழுவதையும் ஒரே படத்தில் எடுத்து, அதையும் சுருக்கி அனுப்பியிருந்தால், கொக்கியில் உள்ள இலக்கத்துக்குக் கிடைப்பது நான்கு புள்ளிக்கும் குறைவு. அதைத் திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் புதிதாக ஒன்றும் வந்துவிடாது. தொலைபேசியின் மென்பொருள் ஓரங்களைக் கூர்மையாக்கிக் காட்டும்போது, அது இல்லாத ஒரு வளைவை இருப்பதுபோல் வரைந்துவிடவும் கூடும். அப்படிப் பெரிதாக்கிய படத்தில் தெரியும் எட்டு, முத்திரையின் எட்டாக இருக்க வேண்டியதில்லை.

உலோகத்திலேயே மங்கியிருந்தால்

படம் நல்லது, முத்திரைதான் மங்கல் என்று உறுதியான பிறகு, எப்படி மங்கியது என்று கேட்க வேண்டும். மங்கலின் வடிவமே காரணத்தைச் சொல்லும்.

நெடுநாள் அணிந்ததால் தேய்ந்த முத்திரை சீராக மழுங்கும். பள்ளத்தின் அடிப்பகுதி கடைசியாகவே மறையும் என்பதால் இலக்கத்தின் எலும்புக்கூடு போன்ற மெல்லிய கோடு நெடுங்காலம் எஞ்சி நிற்கும். சுற்றியுள்ள உலோகமும் வழவழப்பாகி, விளிம்புகள் உருண்டிருக்கும். முத்திரை மட்டும் தேய்ந்து, அதைச் சுற்றியுள்ள வேலைப்பாடும் விளிம்பும் புத்தம் புதிதாக நின்றால், அது இயல்பான தேய்மானம் அன்று. யாரோ அந்த இடத்தை அரத்தாலோ மெருகுச் சக்கரத்தாலோ தொட்டிருக்கிறார்கள். அதற்கும் பழுதுபார்ப்பு போன்ற நேர்மையான காரணம் இருக்கலாம், ஆனால் காரணத்தைக் கேட்டாக வேண்டும்.

மோதிரங்களில் அடிக்கடி காண்பது பாதியில் வெட்டுப்பட்ட முத்திரை. மோதிரத்தின் சுற்றளவைக் கூட்டவோ குறைக்கவோ வளையத்தை அறுத்து, துண்டைச் சேர்த்து அல்லது எடுத்துவிட்டுப் பற்றவைப்பார்கள். அந்த வெட்டு முத்திரையின் நடுவே போனால், எண்ணின் ஒரு பாதி மட்டும் கூர்மையாக நின்று மறுபாதி திடீரென்று இல்லாமல் போகும். அந்த எல்லையில் சற்றே நிறம் மாறிய பற்றுக்கோடு ஒன்றும் தென்படலாம். இதில் கவனிக்க வேண்டியது, மீந்திருக்கும் பாதி முத்திரை பழைய வளையத்துக்கே சாட்சி என்பது. நடுவில் சேர்த்த துண்டின் மாற்றை அது சொல்லாது.

உளியைச் சுத்தியலால் அடித்துப் பதிக்கும்போது உளி சற்றுச் சாய்ந்தால், ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் விழும். வளைந்த பரப்பில் இது மிக இயல்பு. இரண்டு முறை அடிபட்டால் ஒவ்வொரு கோடும் சிறு இடைவெளியுடன் இரட்டையாகத் தெரியும். இவை அடித்தவரின் கைப்பிசகு. பொய் முத்திரைக்கு இவை அறிகுறி ஆகா. உண்மையில், அடித்துப் பதித்த முத்திரையில் உலோகம் ஒதுங்கிய சுவர் செங்குத்தாக நிற்பதும், ஓரத்தில் சிறு மேடு எழுந்திருப்பதும், அது நேரடியாக அடிக்கப்பட்டது என்பதற்கான நல்ல அடையாளங்கள்.

என்னைக் கவலைப்பட வைக்கும் மங்கல் வேறு. முத்திரையுள்ள ஒரு நகையிலிருந்து அச்செடுத்து, அதில் மலிவான உலோகத்தை வார்த்தால், முத்திரையும் சேர்ந்தே வார்ப்பில் வரும். அப்படி வந்த முத்திரையின் கோடுகள் ஓரம் இழந்து, மெழுகில் எழுதியவை போலக் குழைந்திருக்கும். பள்ளத்தின் உள்ளே மணல்போன்ற சொரசொரப்பும் நுண்குழிகளும் காணப்படும். தேய்ந்த முத்திரையில் பள்ளத்தின் மேல்விளிம்புதான் மழுங்கும், அடி வழவழப்பாக இருக்கும்; வார்ப்பில் வந்ததில் அடியே சொரசொரப்பாக இருக்கும். ஒரே விற்பனையாளரின் இரண்டு நகைப் படங்களில் முத்திரை ஒரே சாய்வில், ஒரே இலக்கத்தில் ஒரே உடைப்புடன் இருந்தால் சந்தேகம் வலுப்படுகிறது, ஏனென்றால் கையால் இருமுறை அடித்தது அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவது அரிது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: செய்தவரே தம் பெயர்க்குறியை வார்ப்பு அச்சிலேயே வைப்பது பல இடங்களில் நடைமுறை. ஆகவே வார்ப்பில் வந்திருப்பது செய்தவரின் குறியா, சோதித்த நிலையத்தின் குறியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

லேசரால் பொறித்த முத்திரைக்கு இந்த அளவுகோல்கள் பொருந்தா. லேசர் உலோகத்தை ஒதுக்குவதில்லை, பரப்பைச் சற்றே எரித்து எழுதுகிறது. ஆகவே சுவரும் மேடும் இருக்காது, கோடு சாம்பல் நிறத்திலோ பனிபடர்ந்ததுபோலோ தெரியும். ஆழம் மிகக் குறைவாக இருப்பதால் இரண்டொரு முறை மெருகேற்றினாலே அது மறையத் தொடங்கும். எதிரே நேராக ஒளி விழுந்தால், நன்றாக இருக்கும் லேசர் முத்திரைகூட அந்தப் பளபளப்பில் படத்தில் காணாமற்போகும்.

மோதிரத்துக்குத் திரும்புவோம்

வந்த படத்தில் கீறல்கள் ஓரளவு கூர்மையாகவே இருந்தன. ஆகவே இலக்கத்தின் மங்கல் உலோகத்தில் உள்ளது என்று எடுத்துக்கொண்டேன். இனி இரண்டு கதைகள் சாத்தியம். முதல் கதையில் அங்கே இருப்பது 8. உளி வலப்புறம் சாய்ந்ததால் இடது வளைவு சரியாகப் பதியாமல், 3 போலத் தோற்றம் தருகிறது. இரண்டாவது கதையில் அங்கே இருப்பது 3. இடப்புற வாய்களில் அழுக்கு அடைந்ததால் அவை மூடியதுபோல் தோன்றி 8 ஆகத் தெரிகிறது. இலக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை.

சுற்றியிருப்பதைப் பார்த்தால் வழி கிடைக்கிறது. உளி சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வு ஓர் இலக்கத்தோடு நிற்காது. வலப்புறத்தில் ஆழமாகத் தொடங்கி இடப்புறம் போகப்போக எல்லாமே மெலிந்துகொண்டே வரும், எண்ணைச் சூழ்ந்திருக்கும் சட்டத்தின் இடது கோடும் சேர்ந்து மங்கும். சட்டத்தின் இடது கோடு கூர்மையாக நின்று, அதற்கு உடனடுத்த இலக்கத்தின் இடப்புறம் மட்டும் வெறுமையாக இருந்தால், அங்கே பதிய வேண்டிய கோடே உளியில் இல்லை என்று பொருள், அது 3. இதே சோதனையை எண் வரிசையின் மற்ற இலக்கங்களிலும் செய்யலாம்: 5 என்ற இலக்கத்தின் இடப்புறத்தில் ஒரு குறுகிய செங்குத்துக் கோடு உண்டு, அது நன்றாகப் பதிந்திருந்தால் சாய்வு கடுமையானதாக இருக்க முடியாது.

முதல் படத்தில் 5 தெளிவாக இருந்தது. சட்டத்தின் இடது ஓரமோ ஒளிப்பளபளப்பில் மறைந்திருந்தது. ஆகவே 3 என்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்லி, வேறு படம் கேட்கச் சொன்னேன்.

கேட்கும்போது "தெளிவான படம் அனுப்புங்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் அதே படம் இன்னும் நெருக்கமாக, இன்னும் கலங்கலாக வந்து சேரும். அதனால் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி அனுப்பினோம். மிருதுவான தூரிகையாலும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீராலும் முத்திரை உள்ள இடத்தைத் துலக்கி உலர்த்த வேண்டும். இலக்கத்தின் வாய்களில் அடைந்திருக்கும் அழுக்கு போக இதுவே போதும், உலோக ஊசியால் குத்தக் கூடாது. பிறகு ஃபிளாஷை அணைத்துவிட்டு, சன்னல் ஒளி ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக வருமாறு மோதிரத்தை வைக்க வேண்டும். சாய்ந்து வரும் ஒளியில் பள்ளத்தின் ஒரு சுவர் ஒளிர்ந்து மறுசுவர் நிழலாகும்போதுதான் வடிவம் எழுந்து தெரியும். தொலைபேசியை எதன்மீதாவது ஊன்றி, பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தி, முத்திரையின் மீது விரலால் தொட்டுக் குவியத்தை அமைக்க வேண்டும். மோதிரத்தைச் சற்றுச் சுழற்றி, ஒளி வேறு திசையில் விழும்படி மூன்று நான்கு படங்கள் எடுப்பது அவசியம், ஏனென்றால் ஒரே ஒரு ஒளித் திசையில் கண் பள்ளத்தை மேடாகவும் மேட்டைப் பள்ளமாகவும் எடுத்துக்கொண்டுவிடும். படத்தைச் சாதாரணப் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பினால் சுருக்கப்படாமல் வரும். கடைசியாக, முழு மோதிரத்தில் தொடங்கி இடைவெளியின்றி முத்திரை வரை நெருங்கிச் செல்லும் சிறு காணொளி ஒன்றும் கேட்டோம். முத்திரையின் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அது இந்த நகையில்தான் இருக்கிறது என்பதைத் தனிப் படம் நிரூபிக்காது.

இரண்டாம் தொகுப்பில் ஒரு படத்தில் சட்டத்தின் இடது கோடு கூர்மையாக வந்தது. இலக்கத்தின் இடப்புறம் இரண்டு வாய்களும் திறந்திருந்தன. அதைவிட வலுவான சாட்சி பக்கத்தில் இருந்தது. முன்பு அழுக்குப்போலத் தெரிந்த ஒரு புள்ளி, துலக்கிய பிறகு ஒரு சிறிய நங்கூரமாக எழுந்தது. நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்காம் மதிப்பீட்டு நிலையத்தின் அடையாளம். பிரிட்டனில் தங்கத்துக்கு இன்று ஏற்கப்படும் மாற்றுகள் 375, 585, 750, 916, 990, 999 ஆகியவை. 875 அந்தப் பட்டியலில் இல்லை. நங்கூரம் உண்மையானதென்றால் அதனருகே 75 என்று முடியும் தங்க எண் 375 ஆக மட்டுமே இருக்க முடியும். அந்நாட்டில் எண்ணைச் சூழும் சட்டத்தின் வடிவமும் உலோகத்தைச் சொல்கிறது: தங்கத்துக்கு மூலைகள் வெட்டிய நீள்சட்டம், வெள்ளிக்கு நீள்வட்டம். இலக்கம் முழுவதும் தேய்ந்துபோனாலும் சட்டம் எஞ்சியிருந்தால், அது எந்த உலோகத்துக்காகப் பதித்தது என்று அறியலாம்.

இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. 875 என்று தெளிவாகப் படிக்க முடிந்தாலும் அது தங்கம் என்று முடிவாகிவிடாது. சோவியத் காலத்து வெள்ளிப் பொருள்களில் 875 மிகப் பரவலான வெள்ளி மாற்று, அவற்றில் பல தங்க முலாம் பூசியவை. மஞ்சள் நிறப் பொருளில் 925 இருந்தாலும் அது முலாம் பூசிய வெள்ளியையே குறிக்கும். எண் தங்கத்தின் எண்ணா என்பதைத் துணைக் குறிகள்தான் உறுதி செய்கின்றன.

முத்திரையே காணோம் என்றால்

படத்தில் இல்லை என்பதும் நகையில் இல்லை என்பதும் ஒன்றல்ல. மோதிரத்தில் உட்புறம், வளையலில் உட்சுவர், சங்கிலியில் கொக்கியும் அதையடுத்த சிறு வளையமும், காதணியில் தண்டும் திருகாணியும் முத்திரை இருக்கும் இடங்கள்; விற்பனைப் படம் இவற்றை விட்டு முகப்பையே காட்டும். எண்ணையே தேடிக்கொண்டிருப்பதால் குறியைக் கோட்டைவிடுவதும் உண்டு. பிரான்ஸில் 18 காரட்டும் அதற்கு மேலும் உள்ள தங்கத்துக்குக் கழுகுத் தலைதான் முத்திரை. அருகில் எண் இருக்க வேண்டியதில்லை. மோசமான படத்தில் அந்தக் கழுகு வெறும் கீறலாகவோ தூசாகவோ தெரியும்.

உண்மையிலேயே முத்திரை இல்லாதபோதும் அதற்கு எடையோ காலமோ நாடோ காரணமாக இருக்கலாம். பிரிட்டனில் ஒரு கிராமுக்குக் குறைந்த தங்கப் பொருளுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. இந்தியாவில் இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும், குந்தன், போல்கி, ஜடாவு வகை நகைகளுக்கும் விலக்கு உண்டு. இந்தியாவில் ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கியதே 2021 ஜூனில்தான், அதற்கு முந்தைய குடும்ப நகையில் அது இல்லாததில் வியப்பில்லை. அமெரிக்காவில் மாற்றைப் பதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதித்தால் பொறுப்பேற்பவரின் பதிவுபெற்ற குறியும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆக, முத்திரை இல்லாமை மாற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எதிர்பார்க்கத்தக்க இடத்தில் அது இல்லாதபோதுதான் அது செய்தியாகிறது: 2024ஆம் ஆண்டில் இந்தியாவில் கடையில் வாங்கிய புதிய பத்து கிராம் வளையல் என்று சொல்லி, முத்திரை இல்லாத படத்தை ஒருவர் காட்டினால், அந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

கொக்கியில் மட்டும் முத்திரை இருக்கும் சங்கிலி ஏமாற வைக்கும் இன்னொரு இடம். கொக்கி அடிக்கடி மாற்றப்படும் உறுப்பு. 18 காரட் கொக்கியை வேறு மாற்றுள்ள சங்கிலியில் பற்றவைப்பது எளிது. கொக்கியின் முத்திரை கொக்கிக்கு மட்டுமே பேசும். சங்கிலியின் மறுமுனை வளையத்திலும் குறி இருக்கிறதா, பற்றவைத்த இடத்தில் நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுத்துகள் மங்குவதாலும் பொருள் தலைகீழாகும். 14KP என்பதில் உள்ள கடைசி எழுத்து, மாற்று 14 காரட்டுக்குக் குறையாமல் நிறைவாக இருக்கிறது என்பதைச் சொல்வது. 14KGP என்பதோ 14 காரட் தங்க முலாம் மட்டுமே. நடுவில் உள்ள ஒரே ஓர் எழுத்து தேய்ந்தாலோ ஒளியில் மறைந்தாலோ, முலாம் பூசிய நகை முழுத்தங்கமாகத் தோற்றமளிக்கும். எழுத்துகளுக்கு இடையே வழக்கத்துக்கு மாறான இடைவெளி இருந்தால் அங்கே ஓர் எழுத்து இருந்ததா என்று சாய்வொளியில் மீண்டும் பார்க்க வேண்டும்.

இந்திய நகைகளில் இப்போது பதிக்கப்படும் ஆறு எழுத்தெண் அடையாளம், படத்தை வைத்து எட்ட முடிந்த அளவில் மிக உதவியானது. அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் அந்த எண்ணுக்குப் பதிவான மாற்று, பொருளின் வகை முதலிய விவரங்கள் வரும். எண் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல் விவரம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். படத்தில் வளையல் இருக்க, பதிவு மோதிரம் என்று சொன்னால் எண் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. ஆனால் எண் கிடைக்கவில்லை என்று செயலி சொன்னவுடன் போலி என்று தீர்மானித்துவிடக் கூடாது. மங்கலான லேசர் எழுத்தில் 8, B இரண்டும், 5, S இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஐயமுள்ள எழுத்தை மாற்றி இட்டுப் பார்த்த பிறகே அந்த விடைக்கு மதிப்பு உண்டு.

படம் நின்றுவிடும் இடம்

நங்கூரம் கிடைத்த பிறகும் மோதிரத்தைப் பற்றி நான் சொல்ல முடிந்தது, முத்திரை 375 என்று வாசிக்கப்படுகிறது என்பது வரைதான். உலோகம் அந்த முத்திரைக்கு உண்மையாக இருக்கிறதா என்பதைப் படம் காட்டாது. நிறத்தை வைத்துச் சொல்வதும் பயன்படாது: வெண்மைச் சமநிலையைக் கேமரா தானே மாற்றிக்கொள்வதால் ஒரே மோதிரம் இரண்டு படங்களில் இரண்டு மாற்றுப்போலத் தெரியும்.

கல் இல்லாத, உள்ளீடற்றதாக இல்லாத மோதிரம் என்பதால் அடர்த்தியைப் பார்க்க முடிந்தது. விற்பவரிடம் நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசு இருந்தது. மோதிரத்தின் எடை 6.30 கிராம். தராசின் மீது ஒரு குவளை நீரை வைத்துக் காட்டியைப் பூச்சியமாக்கி, மோதிரத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் நீரில் மூழ்கும்படி தொங்கவிட்டால், தராசு காட்டுவது மோதிரம் ஒதுக்கிய நீரின் எடை. அது 0.55 கிராம் என்று வந்தது. 6.30ஐ 0.55 ஆல் வகுத்தால் 11.45. 21 காரட்டாக இருந்தால் அடர்த்தி 16 முதல் 17 வரை வந்திருக்க வேண்டும், தராசும் 0.38 கிராம் அளவிலேயே காட்டியிருக்கும். முலாம் பூசிய வெள்ளியாக இருந்தால் 10க்குச் சற்று மேல் நின்று, தராசு 0.61 அளவில் காட்டியிருக்கும். 9 காரட் மஞ்சள் தங்கத்துக்கு 11 முதல் 12க்குள் வருவது இயல்பு. தராசு நூறில் ஒரு பங்கு பிசகியிருந்தாலும் விடை 11.2க்கும் 11.7க்கும் இடையில்தான் இருக்கும். மோதிரத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைத்துக் காட்டும் என்பதால், நீரில் இட்டபின் ஒருமுறை நூலைத் தட்டிவிட்டு மறுபடியும் அளக்கச் சொன்னோம், எண் மாறவில்லை.

இந்த அளவீடு 9 காரட்டை நிரூபிக்கிறது என்று சொல்ல மாட்டேன். அதே அடர்த்தியுள்ள வேறு கலவையைச் செய்ய முடியும். 21 காரட் என்ற கூற்றை அது ஐயமின்றி நீக்குகிறது, 375 என்ற வாசிப்போடும் நங்கூரத்தோடும் அது ஒத்துப்போகிறது. விற்பவர் ஏமாற்ற நினைத்தவரும் அல்லர். தாயிடமிருந்து வந்த மோதிரத்தின் உட்புறத்தை அழுக்கு அடைந்த நிலையில் அவரே படமெடுத்து, திரையில் பெரிதாக்கி, 8 என்று படித்திருந்தார். மோதிரம் மதிப்பீட்டு நிலையத்தில் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியில் வைக்கப்படும் வரை விலை பேசுவதை நிறுத்திவைப்பது என்று அவரும் வாங்க நினைத்தவரும் முடிவு செய்தார்கள். முலாம் தடித்திருந்தால் அந்தக் கருவியும் மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால், மோதிரத்தின் உட்புறத்தில் தேய்ந்த ஓர் இடத்தில் அளக்கும்படி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.